மாற்று வழியுடன் மறுத்தல்

ஒருவர் நம்மிடம் ஒரு கூடுதல் வேலையைக் கொடுக்கும்போதோ ஒரு கூட்டத்துக்கு அழைக்கும்போதோ, அதை ஏற்க இயலாத நிலையைச் சொல்லி, அவருடைய தேவை வேறு எவ்வகையில் நிறைவேறலாம் என்பதையும் சேர்த்துச் சொல்வது மாற்று வழியுடன் மறுத்தல் எனப்படும். பள்ளி, கல்லூரி, அலுவலகம், ஊர்ச் சங்கம் என்று பலர் சேர்ந்து பணியாற்றும் எல்லா இடங்களிலும் இதற்குத் தேவை ஏற்படுகிறது.

இதில் மாற்று வழி என்பது மறுப்பின் கசப்பை மறைக்கப் பூசும் இனிப்பு அன்று. அது ஒரு சிறிய வாக்குறுதி. கேட்டவரின் உண்மையான தேவைக்கு அது பயன்பட வேண்டும். சொன்னவரால் அதைச் சொன்ன நாளில் செய்து முடிக்கவும் வேண்டும். இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும், நேரடியாக மறுத்திருப்பதே மேல் என்று ஆகிவிடும். இக்கட்டுரை ஒரு பள்ளியில் நிகழக்கூடிய ஒரு சூழலை எடுத்துக்கொண்டு இம்முறையைப் படிப்படியாக விளக்குகிறது.

## மறுப்பது ஏன் கடினமாக இருக்கிறது

மறுக்கத் தயங்கும் இயல்பைத் தமிழில் முகதாட்சண்யம் என்கிறோம். கேட்பவரின் முகத்தைப் பார்த்து ‘இல்லை’ என்று சொல்ல மனம் வராத நிலை அது. ‘முகத்தில் அடித்தாற்போலப் பேசிவிட்டான்’, ‘முகம் கோணாமல் செய்து கொடுத்தாள்’ என்பன போன்ற வழக்குகளிலும் முகம் என்பது ஒருவருடைய மதிப்பைக் குறிக்கிறது.

மொழியியலிலும் இதே கருத்து உண்டு. பெனிலோப் பிரௌன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இருவர் 1978இல் வெளியிட்டு, பின்னர் 1987இல் தனி நூலாகவும் கொண்டுவந்த பணிவுக் கோட்பாட்டில், ‘முகம்’ என்பதே அடிப்படைச் சொல். அவர்கள் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மொழிகள் ஆங்கிலம், மெக்சிகோவில் பேசப்படும் செல்தால், தமிழ் ஆகிய மூன்றாகும். ஒரு வேண்டுகோள் கேட்கப்படுபவரின் சுதந்திரத்தை நெருக்குகிறது. அதற்கு வரும் மறுப்போ கேட்டவரின் மதிப்பைத் தொடுகிறது. அதனால்தான் எந்தச் சமூகத்திலும் மக்கள் மறுப்பைச் சுற்றிவளைத்துச் சொல்கிறார்கள் என்பது அவர்களுடைய விளக்கத்தின் சாரம்.

தமிழில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ‘முடியாது’ என்ற ஒரே சொல் இரண்டு பொருளைத் தருகிறது. ‘என்னால் இந்த மூட்டையைத் தூக்க முடியாது’ என்றால் அது இயலாமை. ‘முடியாது, போ’ என்றால் அது விருப்பமின்மை. மேலதிகாரியிடம் ‘முடியாது சார்’ என்று ஒருவர் இயலாமையைச் சொன்னாலும், கேட்பவர் காதில் அது பிடிவாதமாக விழக்கூடும். ‘நேரம் போதாது’, ‘அந்த நாளில் இயலவில்லை’ என்று காரணத்தோடு சேர்த்துச் சொன்னால் இந்தக் குழப்பம் வராது.

இந்தச் சங்கடத்தைத் தவிர்க்க நம்மில் பலர் மூன்று சொற்களில் ஒளிந்துகொள்கிறோம். ‘பார்க்கலாம்’, ‘முயற்சி பண்றேன்’, ‘சரிங்க’ என்பவையே அவை. சொல்பவர் மனத்தில் இவை பாதி மறுப்பு. ஆனால் கேட்டவர் இவற்றை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு வேறு ஆளைத் தேடாமல் இருந்துவிடுகிறார். கெடு நாள் வந்தபின் உண்மை தெரியும்போது, முதல் நாளே மறுத்திருந்தால் ஏற்பட்டிருக்கக்கூடிய வருத்தத்தைவிடப் பல மடங்கு வருத்தம் ஏற்படுகிறது.

## எடுத்துக்காட்டுச் சூழல்

ஒரு மேல்நிலைப் பள்ளியைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே ஒரு கணித ஆசிரியை பத்தாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளுக்குப் பாடம் நடத்துகிறார். திருப்புதல் தேர்வு அப்போதுதான் முடிந்திருக்கிறது. பிரிவுக்கு 40 பேர் என்று மொத்தம் 80 விடைத்தாள்கள் அவரிடம் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை அவற்றைத் திருத்தி மாணவர்களிடம் கொடுத்து, மதிப்பெண் பதிவேட்டிலும் ஏற்றிவிட வேண்டும்.

திங்கட்கிழமை மாலை தலைமை ஆசிரியர் அவரை அழைக்கிறார். “டீச்சர், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஆண்டு விழா. ஆண்டறிக்கையை நீங்கதான் எழுதித் தரணும். போன வருஷம் நல்லா எழுதியிருந்தீங்க. இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுத்துடுங்க” என்கிறார்.

ஆண்டறிக்கை எட்டுப் பக்கம் வரும். தேர்வு முடிவுகள், விளையாட்டு, நாட்டு நலப்பணித் திட்டம், நூலகம், கட்டட வசதி என்று ஒவ்வொரு பகுதிக்கும் உரிய பொறுப்பாசிரியரிடம் விவரம் வாங்கி, எழுதி, தட்டச்சுச் செய்து, பிழை பார்க்க வேண்டும். சென்ற ஆண்டு இதற்கு அவருக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆனது.

இந்த இடத்தில் ‘சரி சார்’ என்று சொன்னால் விடைத்தாளோ அறிக்கையோ, இரண்டில் ஒன்று கெடும். ‘முடியாது சார்’ என்று சொன்னால் தலைமை ஆசிரியரின் சிக்கல் அப்படியே நிற்கும். இரண்டுக்கும் நடுவில் அவர் என்ன செய்யலாம் என்பதே கேள்வி.

## முதல் படி: கேட்டவரின் தேவையை அறிதல்

ஒருவர் நம்மிடம் கேட்பது ஒன்று. அவருக்கு உண்மையில் தேவைப்படுவது பெரும்பாலும் அதைவிடச் சிறியது, அல்லது சற்றே வேறானது. அந்த இடைவெளியில்தான் மாற்று வழி இருக்கிறது. அதைக் காண ஒரு கேள்வி கேட்க வேண்டும். ‘எதற்கு இவ்வளவு அவசரம்?’ என்று கேட்டால் அது குறைகூறுவதாகத் தோன்றும். வேலையைப் பற்றிக் கேட்டால் அப்படித் தோன்றாது.

ஆசிரியை இப்படிக் கேட்கிறார்: “வெள்ளிக்கிழமை இதை யாருக்குக் காட்டணும் சார்?”

தலைமை ஆசிரியர் சொல்கிறார்: “அன்னைக்கு மேலாண்மைக் குழுக் கூட்டம் இருக்கு. செயலாளர் இந்த வருஷம் என்னென்ன சாதனை சொல்லப் போறோம்னு கேப்பாரு.”

இப்போது நிலைமை தெளிவாகிவிட்டது. எட்டுப் பக்க அறிக்கை விழா மேடையில் தலைமை ஆசிரியர் வாசிப்பதற்குத் தேவை. அது அடுத்த வார வெள்ளிக்கிழமை. இந்த வெள்ளிக்கிழமை தேவைப்படுவது, செயலாளரிடம் காட்டுவதற்கு என்னென்ன தலைப்புகள், என்னென்ன எண்கள் என்ற சுருக்கம் மட்டுமே. ஒரே வேலையாகத் தோன்றியது, இரு வேறு நாள்களுக்குரிய இரண்டு வேலைகளாகப் பிரிந்துவிட்டது.

தேவையைக் கேட்காமலேயே ஆசிரியை ஒரு மாற்று வழியைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ‘அடுத்த புதன்கிழமை தருகிறேன்’ என்று சொல்லியிருப்பார். குழுக் கூட்டத்தை நினைத்து அவர் ‘அது ஆகாது’ என்றிருப்பார். மாற்று வழி நல்லதாக இருந்தும் பொருந்தாமல் போயிருக்கும்.

## இரண்டாம் படி: கையில் உள்ள நேரத்தைக் கணக்கிடல்

‘வேலை அதிகம்’ என்பது உணர்வு. அதை எண்ணாக மாற்றினால்தான் எவ்வளவு ஏற்கலாம், எவ்வளவு மறுக்க வேண்டும் என்பது நமக்கே விளங்கும். ஆசிரியையின் கணக்கு இப்படி அமையும்.

செவ்வாய் முதல் வியாழன் வரை அவருக்கு ஏழு ஓய்வுப் பாடவேளைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று விடுப்பில் இருப்பவரின் வகுப்புக்குப் போய்விடும் என்று வைத்தால், 45 நிமிடம் கொண்ட ஆறு பாடவேளைகள் மீதமாகும். அது நாலரை மணி நேரம். திங்கள் முதல் வியாழன் வரை நான்கு மாலைகளிலும் வீட்டில் இரண்டிரண்டு மணி நேரம் கிடைக்கும் என்றால் எட்டு மணி நேரம். மொத்தம் பன்னிரண்டரை மணி.

ஒரு கணித விடைத்தாளைத் திருத்த 8 நிமிடம் என்று கொண்டால், 80 தாள்களுக்கு 640 நிமிடம், அதாவது 10 மணி 40 நிமிடம் ஆகும். மதிப்பெண் கூட்டிச் சரிபார்த்துப் பதிவேட்டில் ஏற்ற மேலும் ஒரு மணி நேரம். ஆக 11 மணி 40 நிமிடம். கையில் மிஞ்சுவது 50 நிமிடம்.

எட்டு மணி நேர வேலை 50 நிமிடத்துக்குள் அடங்காது. ஆனால் சென்ற ஆண்டு அறிக்கையின் தலைப்புகளை எடுத்து, அவற்றின் கீழ் இந்த ஆண்டின் முக்கிய எண்களை எழுதிய ஒரு பக்கச் சுருக்கத்தை அரை மணி நேரத்தில் தயாரித்துவிடலாம். எஞ்சும் 20 நிமிடத்தையும் வாக்களிக்கக் கூடாது. ஒரு நாள் தலைவலி வந்தாலோ, இன்னொரு வகுப்பைக் கவனிக்கச் சொன்னாலோ அது போய்விடும். சிறிது இடம் விட்டு வாக்களிப்பதே சொன்ன நாளில் கொடுக்க உதவும்.

இந்தக் கணக்கு நமக்காகப் போட்டுப் பார்ப்பது. அதை முழுவதும் கேட்டவரிடம் ஒப்பிக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு எண்ணைச் சொன்னால் போதும்.

## மூன்றாம் படி: மாற்று வழியைத் தேர்தல்

மாற்று வழிகள் பெரும்பாலும் நான்கு வகைகளில் அடங்கும்.

* பகுதி: முழு வேலையையும் ஏற்காமல் அதில் ஒரு பகுதியை மட்டும் ஏற்பது. எழுதித் தருகிறேன், விவரம் திரட்டுவதை வேறு யாரேனும் செய்யட்டும் என்பது இவ்வகை.
* காலம்: வேலையை ஏற்று, நாளை மாற்றிக் கேட்பது. ‘பிறகு’ என்று சொல்லாமல் கிழமையும் வேளையும் குறிப்பிட வேண்டும்.
* ஆள்: அதைச் செய்யக்கூடிய வேறொருவரைக் காட்டுவது. அவரிடம் முன்பே கேட்டுச் சம்மதம் பெற்றிருக்க வேண்டும்.
* முன்னுரிமை: புதிய வேலையைச் செய்ய வேண்டுமானால் கையில் உள்ள எதைத் தள்ளிவைக்கலாம் என்று கேட்டவரையே தீர்மானிக்கச் சொல்வது.

நான்கில் எது பொருந்தும் என்பதை முதல் இரண்டு படிகளே காட்டிவிடும். இந்தச் சூழலில் பகுதியும் காலமும் சேர்ந்து பொருந்துகின்றன. வியாழன் மாலை ஒரு பக்கச் சுருக்கம். அடுத்த புதன் காலை முழு அறிக்கை. விடைத்தாள் வேலை வெள்ளியோடு முடிவதால் சனி, ஞாயிறு, அதை அடுத்த இரண்டு மாலைகள் அறிக்கைக்குக் கிடைக்கும். விழாவுக்கு இரண்டு நாள் முன்பே அறிக்கை கையில் இருந்தால், தலைமை ஆசிரியர் ஒருமுறை வாசித்துப் பார்த்துத் திருத்தவும் நேரம் இருக்கும்.

மற்றொன்றும் உண்டு. ஆறு பொறுப்பாசிரியர்களிடம் ஆசிரியையே நடந்துபோய் விவரம் கேட்டால் அதற்கே இரண்டு நாள் ஆகும். தலைமை ஆசிரியர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், எல்லாரும் சனிக்கிழமை காலைக்குள் தத்தம் பகுதியைத் தந்துவிடுவார்கள். இந்த உதவியையும் மாற்று வழியோடு சேர்த்தே கேட்டுவிட வேண்டும். பிறகு கேட்டால் அது சாக்குப்போலத் தோன்றும்.

## நான்காம் படி: சொல்லும் முறை

வில்லியம் யூரி என்ற அமெரிக்கப் பேச்சுவார்த்தை வல்லுநர் 2007இல் வெளியிட்ட ஒரு நூலில், நல்ல மறுப்பு ‘ஆம், இல்லை, ஆம்’ என்ற வரிசையில் அமையும் என்கிறார். முதல் ‘ஆம்’ நாம் எதைக் காக்க விரும்புகிறோம் என்பது. நடுவில் வரும் ‘இல்லை’ தெளிவான மறுப்பு. இறுதி ‘ஆம்’ நாம் முன்வைக்கும் வழி. நம் ஆசிரியையின் விடையும் ஏறக்குறைய இவ்வரிசையில் அமைகிறது:

“பத்தாம் வகுப்புத் திருப்புதல் தாள் எண்பது கையில இருக்குங்க சார். பிள்ளைங்களுக்கு வெள்ளிக்கிழமை கொடுத்துடணும். அதனால முழு அறிக்கையையும் இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள எழுத நேரம் போதாது. செயலாளர்கிட்ட காட்ட, தலைப்பும் முக்கியமான எண்களும் ஒரு பக்கத்துல எழுதி வியாழக்கிழமை சாயங்காலம் கொடுத்துடறேன். முழு அறிக்கையை அடுத்த புதன்கிழமை காலையில தர்றேன். மத்த ஆசிரியர்கள் அவங்கவங்க விவரத்தைச் சனிக்கிழமை காலைக்குள்ள எனக்கு அனுப்பச் சொல்லி ஒரு சுற்றறிக்கை மட்டும் விட்டுடுங்க சார். இப்படிச் செய்யலாமா?”

இந்தப் பேச்சில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. காரணம் ஒன்றுதான்; அதுவும் தலைமை ஆசிரியருக்கு முக்கியமான காரணம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பள்ளியின் கவலை, ஆசிரியையின் தனிக் கவலை மட்டும் அன்று. மறுப்பு நடுவில் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகிறது. மன்னிப்பு மூன்று முறை கேட்கப்படவில்லை. இறுதிக் கேள்விக்கு ‘சரி’ என்று ஒரே சொல்லில் விடை தரலாம். ‘நீங்களே ஏதாவது பார்த்துச் சொல்லுங்க சார்’ என்று முடித்திருந்தால், யோசிக்கும் வேலை திரும்பவும் அவர் தலையிலேயே விழுந்திருக்கும்.

காரணங்களை அடுக்குவது பலருக்கும் உள்ள பழக்கம். விடைத்தாள் இருக்கிறது, வீட்டில் விருந்தாளி வருகிறார், முதுகு வலிக்கிறது என்று மூன்று காரணம் சொன்னால் கேட்பவர் அவற்றுள் மெலிந்த ஒன்றைப் பிடித்துக்கொள்வார். “விருந்தாளி எப்போ போறாங்க?” என்று கேட்பார். வலுவான காரணமும் அத்துடன் வலுவிழந்துவிடும்.

## கேட்டவர் ஏற்காதபோது

எல்லா மாற்று வழிகளும் ஏற்கப்படும் என்று எதிர்பார்க்க முடியாது. தலைமை ஆசிரியர், “இல்லை டீச்சர், முழு அறிக்கையே வெள்ளிக்கிழமை வேணும்னு செயலாளர் சொல்லியிருக்காரு” என்று சொல்லலாம். அப்போது முதலில் சொன்னதையே உரத்துச் சொல்வதில் பயனில்லை. நான்காம் வகையான முன்னுரிமைக்குப் போக வேண்டும்.

“அப்படின்னா ‘ஆ’ பிரிவு விடைத்தாளை மட்டும் அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை கொடுக்கலாமா சார்? நாற்பது தாள் தள்ளிப்போனா அஞ்சரை மணி நேரம் கிடைக்கும். கட்டட வசதி, நூலகம் ரெண்டையும் வேற யாராவது எழுதிட்டா மீதியை முடிச்சுடுவேன்.”

40 தாளுக்கு 8 நிமிடம் என்றால் 320 நிமிடம். ஐந்தரை மணிக்குச் சற்றுக் குறைவு. முன்பே மிஞ்சிய 50 நிமிடத்தையும் சேர்த்தால் ஆறு மணிக்குச் சற்று அதிகமாகிறது. எட்டு மணி நேர அறிக்கைக்கு அது போதாது என்பதால்தான் இரண்டு பகுதிகளை வேறு ஒருவர் எழுத வேண்டியிருக்கிறது. ஒன்றைப் பெற வேண்டுமானால் ஒன்றைத் தள்ளிவைக்க வேண்டும் என்பது இப்போது தலைமை ஆசிரியருக்கும் தெரிகிறது. எதைத் தள்ளுவது என்ற முடிவு அந்த அதிகாரம் உள்ளவரிடம் சேர்கிறது. அவர் எதைத் தேர்ந்தாலும், விளைவை அறிந்தே தேர்ந்தார் என்று ஆகிறது.

பேச்சில் முடிந்ததை அன்றே ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பி வைப்பது நல்லது. ‘வணக்கம் ஐயா. பேசியபடி வியாழன் மாலை ஒரு பக்கச் சுருக்கம், அடுத்த புதன் காலை முழு அறிக்கை தருகிறேன். ஆசிரியர்களின் விவரம் சனிக்கிழமை காலைக்குள் கிடைத்தால் போதும்’ என்ற அளவில் இருக்கலாம். இதைப் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் போடாமல் அவருக்குத் தனியாக அனுப்ப வேண்டும். பலர் பார்க்கும் இடத்தில் வரும் மறுப்பு, எவ்வளவு பணிவாக எழுதப்பட்டிருந்தாலும், கேட்டவரின் முகத்தைத் தொட்டுவிடும்.

## கூட்ட அழைப்பை மறுத்தல்

கூட்ட அழைப்பிலும் இதே வரிசைதான். ஆனால் முதல் கேள்வி மாறுகிறது. ‘எதற்கு இது தேவை?’ என்பதற்குப் பதிலாக, ‘இக்கூட்டத்தில் என்னிடமிருந்து என்ன எதிர்பார்க்கிறார்கள்?’ என்று அறிய வேண்டும். விடை மூன்றில் ஒன்றாக இருக்கும். நம்மிடமிருந்து ஒரு தகவல் வேண்டும். அல்லது நம் சம்மதம் வேண்டும். அல்லது நமக்கு ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும்.

தகவல் மட்டும் தேவை என்றால் அதை எழுதி முன்கூட்டியே அனுப்பிவிடலாம். செய்தியைத் தெரிந்துகொள்வது மட்டும் என்றால் கூட்டக் குறிப்பைப் படித்துக்கொள்வதாகச் சொல்லலாம். சம்மதம் தேவை என்றால்தான் சிக்கல். நாம் இல்லாமல் முடிவெடுக்க இயலாது என்பதால், வேறு நேரம் கேட்க வேண்டும், அல்லது நம் சார்பில் முடிவு சொல்லும் உரிமையோடு ஒருவரை அனுப்ப வேண்டும். உரிமை இல்லாத பிரதிநிதி ‘கேட்டுச் சொல்கிறேன்’ என்று மட்டுமே சொல்வார். அதனால் கூட்டம் இரண்டு முறை நடக்க வேண்டிவரும்.

கல்லூரி மாணவர் ஒருவருக்கு, குழுச் செயல்திட்டக் கூட்டம் புதன்கிழமை மாலை 4 மணிக்கு என்று அழைப்பு வருகிறது. அதே நேரத்தில் அவருக்கு ஆய்வகத் தேர்வு இருக்கிறது என்று கொள்வோம். அவர் இப்படி எழுதலாம்:

‘புதன் 4 மணிக்கு எனக்கு ஆய்வகத் தேர்வு இருப்பதால் வர இயலவில்லை. என் பகுதியான கணக்கெடுப்பு அட்டவணையைச் செவ்வாய் இரவு 8 மணிக்குள் அனுப்பிவிடுகிறேன். தலைப்பை மாற்றுவது பற்றி அன்று முடிவெடுப்பதானால், பெரும்பாலோர் சொல்வதை ஏற்கிறேன். நானும் இருக்க வேண்டும் என்று கருதினால் புதன் மாலை 6 மணியோ வியாழன் காலை 8.30 மணியோ எனக்குச் சரிப்படும்.’

மாற்று நேரம் கேட்பவர் இரண்டு நேரங்களையாவது தருவது நல்லது. ஒன்றே தந்தால் அது ஒத்துவராதபோது மறுபடியும் கடிதப் போக்குவரத்து நடக்கும். ‘எப்போது வேண்டுமானாலும் சரி’ என்று எழுதினாலும், நேரத்தைத் தேடும் சுமை முழுவதும் அழைத்தவரிடமே போய்விடும். பத்துப் பேர் வரும் கூட்டத்தில் ஒருவருக்காக நேரத்தை மாற்றச் சொல்வது பொருந்தாது. அங்கே எழுத்தில் கருத்தை அனுப்புவதே ஏற்ற வழி.

இணைய நாள்காட்டி வழியாக வரும் அழைப்புகளில் இதற்கென வசதி இருக்கிறது. கூகுள் நாள்காட்டியில் `Propose a new time` என்பதும், அவுட்லுக்கில் `Decline and Propose New Time` என்பதும் மறுத்து வேறு நேரம் முன்மொழிய உதவுகின்றன. அவுட்லுக்கில் கூட்டத்தை அமைத்தவர் விரும்பினால் இவ்வசதியை நிறுத்தி வைக்கலாம் என்பதால், சில அழைப்புகளில் இது காணப்படாது. நாம் நேரத்தை முன்மொழிந்ததால் மட்டும் கூட்டம் மாறிவிடுவதில்லை. அமைத்தவர் அதை ஏற்று மாற்றும் வரை பழைய நேரமே நிலைக்கும். ஆகவே முன்மொழிந்துவிட்டோம் என்று இருந்துவிடாமல், காரணத்தையும் அந்த அழைப்பின் பதிலிலேயே ஒரு வரி எழுத வேண்டும். வெறும் மறுப்புக் குறி மட்டும் போனால், அழைத்தவருக்கு அது கதவைச் சாத்தியதுபோலத் தெரியும்.

## வழக்கமான பிழைகள்

மாற்று வழியாகச் சொல்லப்பட்டவற்றுள் சில மாற்று வழியே ஆவதில்லை. ‘தமிழாசிரியர் நல்லா எழுதுவார் சார், அவர்கிட்ட கொடுங்க’ என்று அவரைக் கேட்காமலேயே சொல்வது முதல் பிழை. நம் சுமையை அவர் தலையில் ஏற்றியதாகவே அது முடியும். இருவர் உறவும் கெடும். ‘தமிழாசிரியர்கிட்ட கேட்டேன், எழுத நேரம் இல்லையாம், ஆனா பிழை பார்த்துத் தர்றேன்னு சொன்னார்’ என்றால் அது நடக்கக்கூடிய வழி.

காலம் தாழ்த்திச் சொல்வது இரண்டாவது பிழை. திங்கள் மாலை கேட்டதற்குச் செவ்வாய் காலை மறுத்தால், கேட்டவருக்கு வேறு ஏற்பாடு செய்ய மூன்று நாள் இருக்கிறது. வியாழன் மாலை மறுத்தால் எவ்வளவு நல்ல மாற்று வழியும் பயன்படாது. உடனே விடை தெரியாவிட்டால், ‘கையில இருக்கிற வேலையைப் பார்த்துட்டு நாளைக் காலை பத்து மணிக்குள்ள சொல்றேன்’ என்று கேட்கலாம். அப்படிக் கேட்டால் பத்து மணிக்குச் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது, சொன்னதைச் செய்யாமல் விடுவது. வியாழன் மாலை தருவதாகச் சொன்ன ஒரு பக்கம் வெள்ளி காலையும் வராவிட்டால், அடுத்த முறை அவர் எந்த மாற்று வழியைச் சொன்னாலும் அது தட்டிக்கழிப்பாகவே கொள்ளப்படும்.

இன்னொரு வகை, மாற்று வழியே தேவைப்படாத இடத்தில் அதைச் சொல்வது. உண்மையில் அந்த வேலையில் ஈடுபட விருப்பமே இல்லை என்றால், ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று சொல்வது கேட்டவரை அடுத்த மாதம் மீண்டும் வரச் செய்யும். அங்கே ‘என்னால் இதை எடுத்துக்கொள்ள இயலவில்லை’ என்று பணிவாக முடித்துவிடுவதே இருவருக்கும் நல்லது.

## மறுக்க இயலாத பணிகள்

எல்லாப் பணிகளும் மறுக்கத்தக்கவை அல்ல. இந்தியாவில் கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 27ஆம் பிரிவு, ஆசிரியர்களைக் கல்வி சாராத பணிகளில் ஈடுபடுத்தக் கூடாது என்று கூறுகிறது. அதே பிரிவு மூன்று விலக்குகளையும் தருகிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை நடைபெறும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணப் பணி, உள்ளாட்சி, சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் பணி ஆகியவை அவை.

இந்த மூன்றிலும் தலைமை ஆசிரியரிடம் மாற்று வழி பேசுவதற்கு இடமில்லை. தேர்தல் பணி ஆணை வந்தபின், உடல்நலக் குறைவு போன்ற தக்க காரணம் இருந்தால், உரிய சான்றுடன் ஆணை வழங்கிய தேர்தல் அலுவலருக்கு எழுத்து வழியாக விண்ணப்பிக்கலாம். விலக்கு அளிப்பதும் மறுப்பதும் அவருடைய முடிவு. அதற்கான ஆணை கைக்கு வரும் வரை பணி நம்முடையதே. விண்ணப்பித்துவிட்டதால் பயிற்சி வகுப்புக்குப் போகாமல் இருந்துவிடுவது பெரிய தவறாக முடியும்.

ஆகவே ஒரு கூடுதல் பணி வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, கேட்பவர் தம் விருப்பத்தால் கேட்கிறாரா, சட்டப்படி ஆணையிடுகிறாரா என்பதை. ஆண்டறிக்கை முதல் வகை. அங்கே தேவையைக் கேட்டு, நேரத்தைக் கணக்கிட்டு, நாளும் வேளையும் குறித்து ஒரு வழியைச் சொல்லலாம். ஆணையாக வருவது இரண்டாம் வகை; அங்கே விண்ணப்பமும் சான்றும் காத்திருத்தலுமே வழி.